இரண்டு வீடும் எதிர்த்த காதல் திருமணம்: அதற்குப் பிறகு வரும் அவமான உணர்வும் மன இறுக்கமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்ப ஆலோசனைக்கு என்னிடம் வரும் தம்பதிகளில், இரண்டு வீட்டையும் எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர்களின் நிலைமை தனி. ஒரு வீடாவது ஏற்றுக்கொண்டிருந்தால், நல்லது கெட்டதுக்குப் போய் நிற்க ஓர் இடம் இருக்கும். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டால், வருத்தம் முழுக்க இரண்டே பேருக்கு நடுவில் சுற்றிச் சுற்றி வரும். முதல் இரண்டு மூன்று வருடங்களில் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கல்யாணம் ஆகி ஒன்பது மாசம் ஆச்சு. விரும்பித்தான் செஞ்சுக்கிட்டேன். ஆனா சொந்தக்காரங்க யாரையாவது தூரத்துல பாத்தாலே தலை தானா குனிஞ்சுடுது. ஏதோ திருடிட்டு நிக்கிற மாதிரி இருக்கு. ஏன் இப்படி?

உங்கள் மனதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, நீங்கள் செய்த குறிப்பிட்ட ஒரு செயலைப் பற்றிய உறுத்தல். "ஃபிரெண்டு வீட்டுக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டுக் கிளம்பினேன்" என்பது போல. இன்னொன்று, உங்களைப் பற்றியே நீங்கள் எழுதிக்கொண்ட தீர்ப்பு. "நான் பெத்தவங்களுக்கு ஆகாதவ", "எங்க குடும்பம் தலை நிமிர முடியாம போனதுக்கு நான்தான் காரணம்" என்பது போல. முன்னதைக் குற்ற உணர்வு என்றும் பின்னதை அவமான உணர்வு என்றும் உளவியலில் பிரித்துப் பார்ப்பார்கள். பிரிப்பதற்குக் காரணம் உண்டு. குற்ற உணர்வு வந்தவருக்கு மன்னிப்புக் கேட்கவும் சரிசெய்யவும் தோன்றும். அவமான உணர்வு வந்தவருக்கு ஒளிந்துகொள்ளத்தான் தோன்றும். அத்தை எதிரில் வந்தால் அடுத்த தெருவில் திரும்பிவிடுவது, விசேஷ வீட்டுக்கு யாராவது கூப்பிட்டாலும் சாக்குச் சொல்வது எல்லாம் அந்த வகை. ஒளிய ஒளிய அந்த உணர்வு பெருத்துக்கொண்டே போகும், ஏனென்றால் யாரும் உங்களிடம் சாதாரணமாகப் பேசும் வாய்ப்பே வராது.

ஒரு தாளை எடுத்து, உங்களை உறுத்துவதை எல்லாம் வரி வரியாக எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே "இதற்கு நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பெண் இப்படிப் பத்துப் பன்னிரண்டு வரி எழுதினார். அதில் இரண்டுதான் செயல்கள். பெண் பார்க்க ஒரு குடும்பம் வருவதாகச் சொன்னபோது வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார். அவர்கள் வந்து போய், அப்பா வாக்கும் கொடுத்த பிறகுதான் வீட்டை விட்டுக் கிளம்பினார். அது ஒன்று. தங்கையிடம் "அம்மாகிட்ட சொல்லாதே" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அதற்குத் தங்கை அடி வாங்கினாள். அது இரண்டு. மீதி எல்லாமே தீர்ப்புகள்.

அந்த இரண்டுக்கும் மட்டும் அப்பாவுக்கும் தங்கைக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதினார். "அவங்க முன்னாடி நீங்க சங்கடப்பட்டு நின்னதுக்கு நான்தான் காரணம்பா. முதல்லயே சொல்லியிருக்கணும். அதுக்கு என்னை மன்னிச்சிடுங்க" என்று நாலே வரி. கல்யாணம் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. மனதில் இல்லாத மன்னிப்பைக் கேட்டால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும், "அப்போ விட்டுட்டு வந்துடு" என்று பதிலும் வரும். அப்பாவிடமிருந்து பதில் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சித்தி ஒருத்தியை எதிரில் பார்த்தபோது, நின்று இரண்டு வார்த்தை பேச முடிந்தது என்றார். செய்ததற்குப் பொறுப்பேற்றுவிட்டால் மிச்சமிருக்கும் தீர்ப்பின் கனம் ஓரளவு குறையும். முழுசாகப் போய்விடாது.

விரும்பினவரோடதான் இருக்கேன், ஆனா திடீர் திடீர்னு அழுகை வருது. அதைப் பாத்தா அவர் "அப்போ என்னைக் கட்டிக்கிட்டது தப்புன்னு நினைக்கிறியா?"ன்னு கேக்கறார். என்ன பதில் சொல்றதுன்னே தெரியலை.

இது துக்கம். ஆள் உயிரோடு இருக்கும்போதே வருகிற துக்கம். பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்ப நல ஆய்வாளர் இந்த மாதிரி இழப்பைப் பற்றி 1970-களிலிருந்து எழுதி வருகிறார். ஒருவர் இறந்துவிட்டால் சடங்கு உண்டு, வந்து துக்கம் கேட்கும் ஆட்கள் உண்டு, நாள் போகப் போக ஒரு முடிவும் உண்டு. அம்மா அதே ஊரில் அதே வீட்டில் இருக்கிறார், ஆனால் உங்களுக்கு இல்லை என்றால், அதற்கு எந்தச் சடங்கும் கிடையாது. யாரும் வந்து கேட்கமாட்டார்கள். "நீயா தேடிக்கிட்டதுதானே" என்ற பேச்சு வேறு. இன்று போன் வருமோ, இந்தப் பண்டிகைக்காவது கூப்பிடுவார்களோ என்ற எதிர்பார்ப்பு இருந்துகொண்டே இருப்பதால் துக்கம் ஆறவும் வழியில்லை.

கல்யாணத்தில் சந்தோஷமும் வீட்டை இழந்த துக்கமும் ஒரே மனதில் சேர்ந்தே இருக்கும். ஒன்று இருப்பதால் இன்னொன்று பொய் ஆகிவிடாது. இதைக் கணவரிடம் அழுகை வரும் நேரத்தில் விளக்க முடியாது. சாதாரணமாக இருக்கிற ஒரு நேரத்தில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: "நான் அழுதா அது அம்மாவை நினைச்சு. உங்களைப் பத்தின புகார் இல்லை. அப்போ நீங்க ஒண்ணும் சரிபண்ண வேண்டாம், பக்கத்துல இருந்தா போதும்." அவருக்கும் இதே துக்கம் இருக்கும். ஆண்கள் பெரும்பாலும் அதை எரிச்சலாகவோ, வேலையில் மூழ்குவதாகவோ, தூக்கம் கெடுவதாகவோதான் காட்டுகிறார்கள். "உங்களுக்கு யார் ஞாபகம் அதிகமா வருது?" என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். அப்பாவைவிடப் பாட்டியைப் பற்றியோ தம்பியைப் பற்றியோ பேச ஆரம்பிப்பார்.

எங்க சண்டை எதுல ஆரம்பிச்சாலும் "உங்க வீட்டு ஆளுங்க" என்பதில்தான் போய் முடியுது. கல்யாணத்துக்கு முன்னாடி நாலு வருஷம் பழகினப்போ இப்படி ஒரு நாள்கூட சண்டை வந்ததில்லை.

அந்த நாலு வருஷமும் எதிராளி வெளியே இருந்தார். இருவரும் ஒரே பக்கம் நின்றீர்கள். இப்போது வெளியே இருப்பவர்கள் பேச மறுக்கிறார்கள், அவர்கள் மீதான கோபத்தை அவர்களிடம் காட்ட வழியில்லை. கையெட்டும் தூரத்தில் இருப்பவர் ஒருவர்தான்.

ஒரு தம்பதியின் ஒரே ஒரு சாயங்காலத்தை எடுத்துப் பார்ப்போம். கணவர் வேலையிலிருந்து வரும் வழியில் அக்காவின் போன். "அப்பாவுக்கு பிபி ஏறிப் போச்சுடா, உன்னாலதான்" என்கிறாள். அவர் வீட்டுக்கு வருகிறார், போனைப் பற்றி மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கும் கஷ்டம் என்று நினைத்துத்தான் மறைக்கிறார். சாப்பிடும்போது முகம் கொடுக்கவில்லை. சாப்பாடு பிடிக்கவில்லை என்று அவள் எடுத்துக்கொள்கிறாள். "என்ன ஆச்சு?" "ஒண்ணுமில்லை." இரண்டாவது தடவை கேட்கும்போது அவர் குரல் உயர்கிறது: "கொஞ்ச நேரம் நிம்மதியா விடேன்." அவள் மனதில் உடனே எழுவது, "எல்லாரையும் விட்டுட்டு இவரை நம்பி வந்தேன், இவரும் இப்படி." அதையே வாய்விட்டும் சொல்கிறாள்: "உங்களுக்காக என் குடும்பத்தையே விட்டுட்டு வந்தேன்." அவர் பதிலுக்கு, "நான் மட்டும் விடலையா?" அதற்கு மேல் யார் அதிகம் இழந்தது என்ற கணக்குதான். இரவு பதினோரு மணிக்கு இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில். அக்கா பேசியது கடைசி வரை அவளுக்குத் தெரியவே இல்லை.

இந்தச் சண்டை சாப்பாட்டில் ஆரம்பிக்கவில்லை, போனில் ஆரம்பித்தது. குடும்ப உறவுகளை ஆராய்ந்த மருத்துவர் மர்ரே போவன் இதை முக்கோணம் என்பார். இரண்டு பேருக்கு நடுவில் இறுக்கம் தாங்க முடியாமல் போனால், மூன்றாவது ஆள் உள்ளே இழுக்கப்படுவார். இங்கே இறுக்கம் அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் இருந்தது, மனைவி உள்ளே இழுக்கப்பட்டாள்.

அவர்கள் மூன்று ஏற்பாடுகளைச் செய்துகொண்டார்கள். வீட்டிலிருந்து போன் வந்தால் அன்றைக்கே, சாப்பாட்டுக்கு முன்னாடியே சொல்லிவிட வேண்டும். வார்த்தைக்கு வார்த்தை வேண்டாம், சாரம் போதும்: "அக்கா பேசினா, அப்பாவுக்கு உடம்பு முடியலைன்னு என் மேல பழி போட்டா, எனக்கு மனசு சரியில்லை." அடுத்தது, அவரவர் வீட்டை அவரவர்தான் விமர்சிக்கலாம். அவர் தன் அக்காவைத் திட்டலாம், அவள் கூடச் சேர்ந்து திட்டக் கூடாது. நாளைக்கு அக்காவோடு ராசியானால் இவள் சொன்னது மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கும். கடைசியாக, நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தால் பேச்சை நிறுத்துவது. தம்பதிகளின் சண்டைகளை ஆய்வு செய்த ஜான் காட்மன், இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது காதில் ஏறாது என்கிறார். உடம்பு தணியக் குறைந்தது 20 நிமிடமாவது ஆகும். எழுந்து போகும்போது "அரை மணி நேரத்துல வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஏற்கெனவே குடும்பம் கைவிட்ட ஒருவருக்கு, சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போவது இன்னொரு கைவிடலாகத்தான் தெரியும்.

முதல் ஏற்பாடுதான் அவர்களுக்கு ரொம்பச் சிரமமாக இருந்தது. மறைப்பதை அன்பு என்று நினைத்துப் பழகியிருந்தார்கள்.

அவர் வீட்டுல இப்போ பேச ஆரம்பிச்சுட்டாங்க. ஆனா "நீ மட்டும் வா, அவளைக் கூட்டிட்டு வராதே"ங்கறாங்க. அவர் போகணும்னு ஆசைப்படறார். எனக்கு வயிறு எரியுது. நான் தடுத்தா நான் கெட்டவ ஆயிடுவேனா?

இரண்டு வீடும் ஒரே நாளில் இறங்கி வருவதில்லை. ஒரு வீடு முன்னால் வரும், அதுவும் பாதி தூரம்தான் வரும். இரண்டு பேரும் ஒரே மாதிரி இழந்திருந்தவரை ஒரு சமம் இருந்தது. இப்போது அவருக்கு அம்மா திரும்பக் கிடைக்கிறார், உங்களுக்கு இன்னும் இல்லை. பொறாமை வருவது இயல்பு. அதை அவரிடம் பொறாமை என்றே சொல்லிவிடுங்கள். "போகாதீங்க" என்பதைவிட "நீங்க போறப்போ எனக்கு எங்க அம்மா ஞாபகம் வரும், தனியா இருக்கக் கஷ்டமா இருக்கும்" என்பது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

போகலாமா என்றால், ஆபத்து எதுவும் இல்லை என்று இருவருக்கும் உறுதியாகத் தெரிந்தால் போகலாம் என்பேன். பல வீடுகளில் இதுதான் முதல் படி. ஆனால் போகிறவர் அங்கே உங்களைப் பற்றிப் பேச்சு வரும்போது எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "அவ எப்படி இருக்கா"ன்னு யாரும் கேட்காவிட்டாலும் சாதாரணமாக உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். உங்களைத் தாழ்த்திப் பேசினால் சிரித்து மழுப்பாமல், "அப்படிப் பேசறதா இருந்தா நான் கிளம்பறேன்மா" என்று எழுந்துவிட வேண்டும். சண்டை போடத் தேவையில்லை.

தனியாகப் போய் வருவதற்கு ஒரு எல்லையும் வேண்டும். நாலைந்து தடவை ஆன பிறகு, "அடுத்த தடவை நாங்க ரெண்டு பேரும்தான் வருவோம்" என்று அவரே சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லி அனுப்பியதாக அது இருக்கக் கூடாது. இந்த எல்லை இல்லாமல் விட்டால், மகன் ஒரு வீட்டிலும் மருமகள் கணக்கிலேயே இல்லாமலும் வருடக்கணக்கில் ஓடிவிடுகிறது. ஐந்து வருடம் அப்படி ஓடிய பிறகு வந்த தம்பதிகளையும் பார்த்திருக்கிறேன், அதைச் சரிசெய்வது மிகவும் கடினம்.

அம்மா "நீ வரலைன்னா மருந்து குடிச்சிடுவேன்"னு போன்ல அழறாங்க. போன மாசம் "அப்பா சீரியஸ், உடனே கிளம்பி வா"ன்னாங்க, விசாரிச்சா அப்படி ஒண்ணுமே இல்லை. எதை நம்பறது?

இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். தற்கொலை மிரட்டலை நடிப்பு என்று ஒதுக்கவும் கூடாது, அதற்காகத் தனியாக ஓடவும் கூடாது. அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பவர் யார்? பக்கத்து வீட்டுக்காரர், மாமா, அண்ணி, யாரானாலும் உடனே போன் செய்து நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் எடுத்துப் பூட்டிவைக்கச் சொல்லுங்கள். ஏதாவது குடித்துவிட்டார் என்று தெரிந்தால் 108. அம்மாவிடம், "உங்களுக்கு ஒண்ணுன்னா எனக்குத் தாங்காதும்மா, அதனாலதான் மாமாவை அனுப்பறேன்" என்று சொல்லுங்கள். அவர் உயிரைக் காப்பாற்ற வேண்டியது அவசியம். அதற்காகக் கணவரை விட்டுவிட்டு வருவது அவருக்கான சிகிச்சை ஆகாது.

"அப்பா சீரியஸ்" என்ற போன் வேறு விஷயம். சாதி மாறிய திருமணங்களில், கொன்றுவிடவோ பிடித்துவைக்கவோ பெண்ணை இப்படித் தனியாக வரவழைத்த சம்பவங்கள் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கின்றன. "இனி எல்லாம் சரியாயிடுச்சு, வா, முறையா கல்யாணம் பண்ணிவைக்கிறோம்" என்ற அழைப்பும் அப்படி வந்திருக்கிறது. முன்பு மிரட்டல் இருந்திருந்தால், திடீரென்று வரும் பாசத்தைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும். எந்த மருத்துவமனை, எந்த வார்டு என்று கேட்டு, அந்த மருத்துவமனைக்கு நீங்களே போன் செய்து விசாரியுங்கள். போவதாக இருந்தால் பகலில், மருத்துவமனைக்கே, கூட ஆளோடு போங்கள். வீட்டுக்குப் போகாதீர்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, அந்த நேரம் தாண்டினால் 112-க்குப் பேசச் சொல்லுங்கள். இப்படி ஜாக்கிரதையாக இருப்பதைப் பாவம் என்று உங்கள் மனசு சொல்லும். அப்பா உண்மையிலேயே உடம்பு முடியாமல் இருந்தால், இந்த விசாரிப்பால் ஒரு மணி நேரம்தான் தாமதம் ஆகும்.

அப்பா போலீஸ்ல "பொண்ணைக் காணோம்"னு புகார் கொடுத்திருக்கார். எங்களைப் பிரிச்சுடுவாங்களா? பயத்துல தூக்கமே இல்லை.

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருந்து, திருமணம் முறைப்படி நடந்திருந்தால் பிரிக்க முடியாது. லதா சிங் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: வயது வந்தவர் தனக்குப் பிடித்தவரைத் திருமணம் செய்யலாம். பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்றால் அதிகபட்சமாகப் பேச்சுவார்த்தையை, உறவை முறித்துக்கொள்ளலாம். மிரட்டவோ தொல்லை தரவோ உரிமை இல்லை. குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று 2018-ல் சக்தி வாஹினி வழக்கிலும் சொல்லியிருக்கிறது.

காணவில்லை என்ற புகாருக்கு, நீங்கள் நேரில் ஆஜராகி "என் விருப்பத்தில்தான் வந்தேன்" என்று சொன்னால் பெரும்பாலும் அதோடு முடியும். வக்கீலோடு போங்கள், வயதுச் சான்றும் திருமணப் பதிவுச் சான்றும் கையில் இருக்கட்டும். ஸ்டேஷனில் "பெரியவங்க பேசட்டும்" என்று உட்காரவைத்துப் பெற்றோரோடு அனுப்பப் பார்ப்பதும் நடக்கிறது. போக விருப்பமில்லை என்றால் அதை எழுத்தில் கொடுங்கள். மிரட்டல் இருந்தால் மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தில் பாதுகாப்புக் கேட்டு மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டு ஓனர், ஆபீஸ்ல இருக்கிறவங்க எல்லாரும் "அப்பா அம்மா எங்க இருக்காங்க, வந்து போறாங்களா?"ன்னு கேக்கறாங்க. என்ன சொல்றது?

ஒரே ஒரு வாக்கியத்தை இருவரும் சேர்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். "ஊர்ல இருக்காங்க, இப்போதைக்கு அதிகமா வரப்போக இல்லை" என்பது பொய்யும் இல்லை, கதையும் இல்லை. பொய்யைக் கட்டி எழுப்பினால் ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலை சேரும், பிடிபட்டுவிடுவோமோ என்ற பயமும் சேரும். முழு விவரம் தெரிந்த ஒருவர் இருவர் இருந்தால் போதும், எல்லாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

நிஜமாவே எங்களுக்குள்ள பிரச்சனை. அவர் கை நீட்டறார். ஆனா யார்கிட்ட சொல்றது? வீட்டுல சொன்னா "நாங்க அப்பவே சொன்னோமில்ல"ம்பாங்க. நானா தேடிக்கிட்டது, நானேதான் அனுபவிக்கணும்.

அவமான உணர்வு ஆளைச் சிக்கவைப்பது இந்த இடத்தில்தான். இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் கவலை தருவதும் இதுதான். பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணத்தில் கணவர் அடித்தால், பெண் வீட்டில் நாலு பேர் வந்து கேட்பார்கள். கேட்காத வீடுகளும் உண்டு, ஆனாலும் கேட்க வேண்டிய பொறுப்பு தங்களுடையது என்றாவது நினைப்பார்கள். காதலித்துக் கட்டியவளுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. அது அடிக்கிறவருக்கும் தெரியும். "உனக்குப் போக்கிடம் ஏது?" என்று அவர் ஒருமுறையாவது சொல்லியிருந்தால், அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்தது ஒரு மனிதரை. அடியைத் தேர்ந்தெடுக்கவில்லை. பெற்றோர் எதிர்த்தது பெரும்பாலும் சாதிக்காக, மதத்துக்காக, வசதிக்காக. இவர் அடிப்பார் என்று கண்டு அவர்கள் எதிர்க்கவில்லை. ஆகவே இன்று இவர் அடிப்பதால் அவர்கள் அன்று சொன்னது சரி என்று ஆகிவிடாது. இந்தக் கல்யாணத்தை விட்டு வெளியே வருவதும், காதலித்தது தப்பு என்று ஒத்துக்கொள்வதும் ஒன்றல்ல.

181 பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில், அதாவது சகி மையத்தில், தற்காலிகமாகத் தங்க இடம், மருத்துவம், சட்ட உதவி மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலர் மூலம் மனு கொடுக்கலாம். எப்படிக் கல்யாணம் நடந்தது, யார் சம்மதித்தார்கள் என்பதைப் பொறுத்ததல்ல அந்தச் சட்டம். காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி, சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

அடி இல்லாத சாதாரணப் பிரச்சனை என்றால்கூட, "நாங்க நல்லா இருந்து காட்டணும்" என்று எல்லாவற்றையும் மூடிவைக்காதீர்கள். ஊருக்குக் காட்டுவதற்காக ஓட்டும் குடும்பத்தில் யாரும் நிம்மதியாக மூச்சுவிட முடியாது.

"ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாயிடும்"னு எல்லாரும் சொல்றாங்க. அதுக்காகவே சீக்கிரம் பெத்துக்கலாமா?

அதற்காகப் பெற வேண்டாம். பேரக் குழந்தையைப் பார்க்க வந்து மனம் மாறிய பெற்றோர் நிறையவே இருக்கிறார்கள். குழந்தையை மட்டும் கொஞ்சிவிட்டு மருமகளிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனவர்களும் இருக்கிறார்கள். பேர் வைப்பது யார், எந்தக் கோயிலில் மொட்டை, எந்தச் சாதி என்று பள்ளியில் எழுதுவது என்று, அதுவரை தூங்கிக்கொண்டிருந்த சண்டைகள் எழுந்துகொள்வதும் அப்போதுதான். இதையெல்லாம் யாரும் வந்து நிற்பதற்கு முன்பே நீங்கள் இருவரும் பேசி முடித்துவிட வேண்டும்.

கவலைப்பட வேண்டிய இன்னொன்று பிரசவம். தாய் வீடு இல்லாத பெண்ணுக்கு முதல் 40 நாள் யார் துணை என்று ஏழாம் மாதத்திலேயே முடிவு செய்யுங்கள். தோழியின் அம்மா, சம்பளத்துக்கு ஒரு ஆள், கணவரின் விடுப்பு, எது முடியுமோ அது. குழந்தை பிறந்த பின் வரும் மனச்சோர்வு, துணையில்லாத பெண்களுக்கு வர வாய்ப்பு அதிகம்.

இது வெறும் கவலையா, இல்லை டாக்டர்கிட்ட போகணுமான்னு எப்படித் தெரியும்?

தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக எல்லா நாளும், எதிலும் மனம் ஒட்டாமல் இருப்பது, விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு விழித்துக்கொண்டு தூங்க முடியாமல் கிடப்பது, பசியே இல்லாமல் எடை குறைவது, வேலை தடைபடுவது இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒரே ஒரு முறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும்.

ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் அப்பா "ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை வாங்க"ன்னு சொல்லியிருக்கார். சந்தோஷத்தைவிட பயம்தான் அதிகமா இருக்கு. எப்படிப் போறது?

பழைய மிரட்டல் எதுவும் இல்லை, இடையில் பேசிய உறவினர் உறுதி சொல்கிறார் என்றால் போங்கள். கொஞ்சமாவது சந்தேகம் இருந்தால், முதல் சந்திப்பை அந்த உறவினர் வீட்டிலோ கோயிலிலோ வைத்துக்கொள்ளக் கேளுங்கள்.

முதல் தடவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். திரும்பும் நேரத்தை முன்பே சொல்லிவிடுங்கள், தங்கச் சொன்னால் "அடுத்த தடவைப்பா" என்று கிளம்புங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே கிளம்புவது நல்லது. நேரம் நீள நீளப் பழைய பேச்சு எடுப்பதற்கு யாராவது ஒருவர் இருப்பார். "எப்படிப் பண்ணிட்டு வந்து நிக்கிறீங்க பாத்தியா" என்று ஒரு பெரியப்பா ஆரம்பித்தால், அன்றைக்கு அதற்குப் பதில் சொல்லி நியாயம் நிரூபிக்க வேண்டாம். "உங்க வருத்தம் புரியுது பெரியப்பா, இன்னொரு நாள் பேசலாம்" போதும்.

உங்கள் கணவரைத் தனியே ஹாலில் விட்டுவிட்டு அம்மாவோடு சமையலறைக்குள் போய்விடாதீர்கள். இரண்டு வருடம் காத்திருந்த உங்களுக்கு அம்மாவோடு பேச ஆயிரம் இருக்கும், அவருக்கோ அந்த வீட்டில் தெரிந்த ஒரே முகம் உங்களுடையதுதான். அப்பா அவரிடம் வேலை எங்கே, எவ்வளவு தூரம் என்று ஏதாவது கேட்டால், அவரே பதில் சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம். அப்பா எதுவுமே கேட்காமல் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் மனம் விட்டுவிடாதீர்கள். கூப்பிட்டவர் அவர்தான், மருமகனின் முகத்தைப் பார்த்துப் பேச அவருக்கு இன்னும் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆகலாம்.

திரும்பி வந்த அன்று இரவு உங்களுக்குச் சந்தோஷமும் அவருக்குச் சோர்வுமாக இருக்கும். அவர் வீட்டில் இன்னும் கூப்பிடவில்லை என்றால் அந்த வருத்தமும் அன்றுதான் மேலே வரும். அதனால் அம்மாவோடு போனில் பேசுவதை மறுநாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு, அன்று அவரோடு இருங்கள்.